பேக்கிங் மெஷின் வாங்கும் முன் போடும் தப்புக் கணக்குகள்

மசாலாப் பொடி யூனிட்டுகளுக்கு பேக்கிங் மெஷின் பொருத்திக் கொடுப்பது என் வேலை. கையால் எடை போட்டு, கவரில் நிரப்பி, சீல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினுக்கு மாறும்போது போடும் கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கரண்ட் பில்லை மறப்பது, ஆபரேட்டர் சம்பளத்தை விடுவது போன்றவை யாராவது சொன்னால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கணக்கைச் சரியாகவே போட்டுவிட்டு, வந்த விடையைத் தப்பாகப் படிப்பவர்கள்தான் அதிகமாக நஷ்டப்படுகிறார்கள்.

பிரேக்-ஈவன் மணி நேரம் குறைவு என்று சந்தோஷப்படுவது

சூத்திரம் எளிது. மெஷின் ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு ஆகும் செலவை எடுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு கூலி மிச்சம் என்று பார்த்து, அந்த ஒரு மணி நேர ஓட்டச் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால், நஷ்டம் வராமலிருக்க ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பது கிடைக்கும்.

ஒரு உதாரணம் போடுவோம். ரோல் பிலிமிலிருந்து தானே பவுச் செய்து நிரப்பும் எஃப்.எஃப்.எஸ். மெஷின், கம்ப்ரசரோடு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 8 வருடம் உழைத்து, கடைசியில் 40,000-க்குப் போனால் தேய்மானம் ஆண்டுக்கு 45,000. சராசரி முதலீடு 2,20,000-க்கு 12 சதவீத வட்டி 26,400. பராமரிப்பு, இன்சூரன்ஸ் என்று 8,600. மொத்தம் 80,000.

மெஷின் நிமிடத்துக்கு 40 பவுச் போடும் என்று கேட்டலாக்கில் இருக்கும். ரோல் மாற்றுவது, ஹாப்பரில் பொடி அடைத்துக்கொள்வது, சீல் சரிபார்ப்பது எல்லாம் போக, 100 கிராம் மிளகாய்த்தூளில் மணிக்கு 1,200 நல்ல பவுச் வந்தால் திருப்தி. கையால் ஒருவர் மணிக்கு 100 பவுச் முடிப்பார். போனஸ், டீ எல்லாம் சேர்த்து அவருக்கு மணிக்கு 60 ரூபாய். ஆக, மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் 720 ரூபாய் கூலி மிச்சம். ஆபரேட்டர், ஒரு ஹெல்பர், கரண்ட், டெஃப்லான் துணி, பிளேடு என்று ஓட்டச் செலவு 180. மீதி 540. 80,000-ஐ 540-ஆல் வகுத்தால் 148 மணி நேரம்.

இங்கேதான் ஆள் விழுகிறார். “148 மணி நேரமா? 18, 19 நாள் ஷிப்ட்தானே! வருஷத்தில் மீதி நாளெல்லாம் லாபம்.” மெஷின் விற்க வருபவரும் தலையாட்டுவார். அவர் கையில் 300 நாள், தினம் 8 மணி நேரம் என்று 2,400 மணி நேரக் கணக்கு தயாராக இருக்கும்.

அந்த 148 மணி நேரம் ஓட உங்களிடம் பொடி இருக்கிறதா? 148 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 1,78,000 பவுச், 17.8 டன். மாதம் ஒன்றரை டன் விற்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாதம் 800 கிலோதான் விற்றுக்கொண்டிருந்தார். 8,000 பவுச்சை மெஷின் ஏழு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 80 மணி நேரம். மேலே சொன்ன கணக்கிலேயே அவருக்கு மிச்சம் 43,200, செலவு 80,000. “காலையில் போட்டால் சாயங்காலம் மாதச் சரக்கு முடிந்துவிடுகிறது” என்று பெருமையாகச் சொன்னார். நஷ்டமே அதில்தான் இருக்கிறது என்று புரியவைக்க எனக்கு ஒரு டீ நேரம் பிடித்தது.

மெஷின் எவ்வளவு வேகமோ, அவ்வளவு சீக்கிரம் வேலை தீர்ந்துவிடும். அதனால் பிரேக்-ஈவனை மணியாக விட்டுவைக்காமல் டன்னாக மாற்றிப் பாருங்கள்.

அதே 800 கிலோக்காரருக்கு, காலால் பெடலை மிதித்தால் திருகு சுழன்று பொடியை அளந்து கொட்டும் ஆகர் ஃபில்லரும் ஒரு பேண்ட் சீலரும் போதும். இரண்டும் சேர்த்து 75,000 என்றால், தேய்மானம், வட்டி, ரிப்பேர் என ஆண்டுக்கு 16,000 வரும். இரண்டு பேர் சேர்ந்து மணிக்கு 400 பவுச் போடுவார்கள். கையால் செய்தால் அதற்கு 240 ரூபாய். இதில் இருவர் கூலி 120, கரண்ட் 10. மீதி 110. வகுத்தால் 145 மணி நேரம். அதாவது பெரிய மெஷினுக்கும் இதற்கும் பிரேக்-ஈவன் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இந்த வேகத்தில் அவருடைய 96,000 பவுச்சுக்கு 240 மணி நேர வேலை இருக்கிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் சொச்சம் கையில் நிற்கும். மெதுவான மெஷின் என்பதால்தான் அது பிழைக்கிறது.

இன்னொன்று. மிளகாயிலிருந்து மஞ்சளுக்கு மாற ஹாப்பரையும் ஆகரையும் கழற்றித் துடைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பவுச் எதுவும் வராது, கூலி மட்டும் ஓடும். நாலைந்து பொடி விற்கும் சின்ன யூனிட்டில் மாதம் நான்கு முறை மாற்றினாலே, பெரிய மெஷினின் பிரேக்-ஈவன் 148-லிருந்து 168 ஆகிவிடும்.

போகாத ஆளின் கூலியை மிச்சம் என்று எழுதுவது

பீஸ் ரேட்டுக்குப் பேக் செய்தவர் என்றால், மெஷின் வந்த அன்றே அந்தக் கூலி நிற்கும். மாதச் சம்பளத்தில் இருக்கும் அக்கா அப்படி இல்லை. அவரே மல்லி காயவைப்பார், லேபிள் ஒட்டுவார், பெட்டி கட்டுவார். பேக்கிங் நேரம் மிச்சமானாலும் சம்பளம் அதேதான். மிச்சமான நேரத்தில் அவர் செய்யப்போகும் வேறு வேலைக்குப் பணம் வரும் என்றால் மட்டும் அதைக் கணக்கில் எழுதுங்கள்.

சொந்தப் பணம்தானே என்று வட்டியை விடுவது

பேங்கில் கிடந்திருந்தால் வந்திருக்குமே, அதையாவது எழுதுங்கள்.

ஜி.எஸ்.டி.

உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடிந்தால் மெஷின் விலையில் வரியைச் சேர்க்காதீர்கள். காம்போசிஷனில் இருந்தால் எடுக்க முடியாது, சேருங்கள்.

கூடுதலாகப் போகும் ஒரு கிராம்

கூலியையும் மெஷினையும் ஒப்பிடும் தாளில் இது வருவதே இல்லை. கையில் எடை போடுபவர் தராசைப் பார்த்து ஒரு சிட்டிகையை எடுத்துவிடுவார். ஆகர், சுற்று எண்ணிக்கையை வைத்துத்தான் கொட்டும். ஹாப்பரில் பொடியின் அளவு ஏறி இறங்கினாலும், பொடி ஈரம் கண்டாலும் எடை ஆடும். குறைந்தால் எடையளவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, எல்லோரும் சராசரியை மேலே தூக்கி வைப்பார்கள். கைப்பேக்கிங்கைவிடப் பவுச்சுக்கு ஒரே ஒரு கிராம் கூடினால், கிலோ 300 ரூபாய் தூளில் அது 30 காசு. கைக்கூலியே பவுச்சுக்கு 60 காசுதான். மணிக்கு 1,200 பவுச்சில் 360 ரூபாய் தூளாகவே வெளியே போகும். 540 மிச்சம் 180 ஆகும். 148 மணி நேரம் 444 ஆகும்.

ட்ரையலுக்குப் போகும்போது உங்கள் சொந்தத் தூளைக் கொண்டுபோங்கள், அவர்கள் வைத்திருக்கும் காய்ந்த மாவு வேண்டாம். ஹாப்பர் நிரம்பியிருக்கும்போது 50 பவுச், கால்வாசி ஆனதும் 50 பவுச் தனித்தனியாக எடை போட்டு, காலிக் கவரின் எடையைக் கழித்து, இரண்டு சராசரியையும் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.