“வெள்ளிக்கிழமை தந்துடறேன்”: சொல்லே செயலாகும்போது நாம் செய்யும் தவறுகள்

பக்கத்து வீட்டுக்காரர் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று கேட்டார். “வெள்ளிக்கிழமை தந்துடறேன் சார்” என்றார். கொடுத்தேன். இரண்டு வெள்ளி போன பிறகு கேட்டால், “அவசரத்துல ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்கிறார். அப்படியானால் அவர் எனக்கு வாக்குக் கொடுத்தாரா, இல்லையா?

மனசில் எண்ணம் இல்லையென்றால் வாக்கே இல்லை என்று நினைப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இந்த முடிச்சை அவிழ்த்தார். வாக்குக் கொடுப்பது, பந்தயம் கட்டுவது, கப்பலுக்குப் பெயர் சூட்டுவது போன்றவற்றில் சொல்வதே செய்வது. இவை இரண்டு விதமாகக் கெடலாம். உரிமை இல்லாத ஒருவர் கப்பலுக்குப் பெயர் வைத்தால், பெயர் வைத்த செயலே நடக்கவில்லை. தரும் எண்ணமில்லாமல் “தர்றேன்” என்றால் செயல் நடந்துவிட்டது. ஆனால் அது பொய்யான வாக்கு. எண்ணம் இல்லாததால் வாக்கே இல்லை என்று விட்டால், பொய் வாக்குக் கொடுத்தவர்மேல் வாக்குத் தவறிய குற்றத்தைச் சுமத்தவே முடியாது.

இன்னொரு தவறு, ‘வாக்குக் கொடுக்கிறேன்’ என்ற வினைச்சொல்லைத் தேடுவது. என் பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சொல்லவே இல்லை. தமிழில் ‘தந்துடறேன்’ என்ற சாதாரண முடிவே போதும். மறுபுறம், “இன்னொரு தடவை இங்க வந்தா காலை உடைப்பேன், இது சத்தியம்” என்பதில் சத்தியம் என்ற சொல் இருந்தாலும் அது மிரட்டல்தான். வாக்கு என்றால் கேட்பவர் அது நடக்கவேண்டும் என்று விரும்பவேண்டும். தத்துவ அறிஞர் ஜான் சர்ல் 1969-இல் வாக்குக்கு வகுத்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. “போன வாரம் அவருக்கு வாக்குக் கொடுத்தேன்” என்பதோ வெறும் செய்தி. வினை அதேதான், ஆனால் இதைச் சொல்வதால் புதிதாக எந்த வாக்கும் பிறப்பதில்லை.

நன்றியிலும் இந்தக் குழப்பம் உண்டு. “இங்கே குப்பை கொட்டாததற்கு நன்றி” என்று சுவரில் எழுதியிருக்கும். நன்றி என்பது ஏற்கெனவே செய்த உதவிக்குச் சொல்வது. இங்கே யாரும் இன்னும் எதுவும் செய்யவில்லை. நன்றியின் உடையில் வந்திருக்கும் வேண்டுகோள் இது. கோபத்தோடு எழுதியிருந்தால் எச்சரிக்கை.

எச்சரிக்கையில் நடப்பது வேறு தவறு. “படி வழுக்கும், பார்த்து இறங்கு” என்கிறோம். கேட்டவன் புரிந்துகொண்டும் ஓடி விழுகிறான். உடனே “நான் எச்சரித்தும் பயனில்லை” என்கிறோம்; அது சரி. “நான் சரியாக எச்சரிக்கவில்லை” என்று நம்மையே நொந்துகொள்வதுதான் பிசகு. அவனுக்குப் புரிந்ததுமே எச்சரித்தாயிற்று. அவன் பயப்படுவதும் நிதானிப்பதும் அதன் விளைவு. அது சொன்னவர் கையில் இல்லை. அதனால்தான் “எச்சரிக்கிறேன்” என்று சொல்லியே எச்சரிக்க முடிகிறது, “உன்னை இதோ பயமுறுத்துகிறேன்” என்று சொன்னால் எவனும் பயந்துவிடுவதில்லை. ஆனால் அவன் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்து எதுவும் விழவில்லை என்றால் கதை வேறு: நாம் எச்சரிக்க முயன்றோம், அவ்வளவுதான்.