இளையோர் தயங்காமல் நுழையும் பொது நூலகம்: சுவரில் ஒட்டிய தாள்களிலிருந்து தொடங்குவோம்

பொது நூலகத்தில் இளையோர் பகுதியைப் புதுப்பிக்க முனைபவர்கள் பெரும்பாலும் சின்னத்தையும் வண்ணத்தையும் முதலில் முடிவு செய்கிறார்கள். நான் இதற்கு நேர்மாறான வரிசையைப் பரிந்துரைக்கிறேன். நான் பணியாற்றிய இளையோர் பகுதியில் புதிய பலகைகள் அழகாகவே அமைந்தன. ஆனால் சில வாரங்களுக்குள் அவற்றின் பக்கத்திலேயே "கூடாது", "எச்சரிக்கை" என்று தொடங்கும் தாள்கள் மீண்டும் ஒட்டப்பட்டன. உள்ளே வரும் பதினைந்து வயதினர் நூலகத்தின் குரலை அந்தத் தாள்களில்தான் கேட்கிறார்கள், பலகையில் அல்ல. ஆகவே வாசகங்களை முதலிலும், அவற்றைத் தாங்கும் வடிவத்தை அடுத்தும், சின்னத்தைக் கடைசியிலும் எடுத்துக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். நூலகரின் ஒப்புதலும் ஓர் அச்சுப்பொறியும் கைவசம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எழுதப்பட்ட அனைத்தையும் திரட்டுதல்

வாயிலிலிருந்து இருக்கை வரை, முதன்முறையாக வரும் ஓர் இளைஞர் நடக்கும் வழியிலேயே நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு எழுத்தையும் படம் எடுங்கள். பை வைக்கும் அடுக்கு, வருகைப் பதிவேடு, கணினி மேசை, கழிவறைக் கதவு ஆகியவற்றை விட்டுவிட வேண்டாம். வைஃபை நுழைவுப் பக்கம், உறுப்பினர் படிவம், நூலைத் திருப்பித் தரச் சொல்லும் குறுஞ்செய்தி ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

பிறகு ஒரு விரிதாளில் இடம், வாசகம், ஒட்டியவர், எதற்காக ஒட்டப்பட்டது என்று நான்கு நிரல்கள் போதும். கடைசி நிரலை ஊகத்தால் நிரப்பாமல், ஒட்டியவரிடமே கேட்டு நிரப்புங்கள். அடுத்த படி முழுவதும் அந்த ஒரு நிரலை நம்பியே நிற்கிறது.

படி 2: தடை வாசகங்களைத் திருத்துதல்

இந்தப் படியில்தான் என் வேலை நெடுநாள் தேங்கி நின்றது. தடை வாசகத்தை மென்மையான சொற்களில் மாற்றி எழுதினால் போதும் என்று தோன்றும், ஆனால் போதாது. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் உண்மையாக நடந்த ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கல் தீராதவரை தாளைக் கிழித்தாலும், சிக்கலை அன்றாடம் எதிர்கொள்ளும் ஊழியர் மீண்டும் ஒன்றை ஒட்டத்தான் செய்வார். அதில் அவர் மீது குறை சொல்ல இடமில்லை. ஆகவே ஒவ்வொரு வாசகத்துக்கும் நீக்குவதா, ஏற்பாட்டை மாற்றுவதா, மாற்றி எழுதுவதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வாசகத்தை முழுமையாகப் பார்ப்போம். படிக்கும் மேசைக்கு மேலே இப்படி ஒரு தாள் இருக்கிறது:

"நூலகத்தினுள் கைபேசி பயன்படுத்தக் கூடாது. மீறுபவர்கள் வெளியேற்றப்படுவர்."

ஒட்டிய ஊழியரிடம் விசாரித்தால், உரக்கப் பேசியவர்களைப் பற்றி மற்ற வாசகர்கள் முறையிட்டதே காரணம் என்று தெரியவருகிறது. அப்படியானால் தடுக்க வேண்டியது பேச்சைத்தான், கருவியை அல்ல. இளையோர் அதே கைபேசியில்தான் அகராதி பார்க்கிறார்கள், பாடப் பக்கத்தைப் படம் எடுக்கிறார்கள், நூலகப் பட்டியலில் தேடுகிறார்கள். தாள் சொல்வதை யாருமே பின்பற்ற முடியாததால் அது நாளடைவில் மற்ற அறிவிப்புகளின் மதிப்பையும் குறைக்கிறது. இங்கே முதலில் ஏற்பாடு மாற வேண்டும்: மாடிப்படி அருகிலோ தாழ்வாரத்திலோ பேசுவதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அதன் பிறகே வாசகம்:

"இவை அமைதியாகப் படிப்பதற்கான மேசைகள். கைபேசியை ஒலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் மாடிப்படி அருகே சென்று பேசலாம்."

பழைய வாசகத்தில் கடுமை எங்கே இருந்தது என்பதை இலக்கணத்தில் சுட்டிக்காட்ட முடியும். "வெளியேற்றப்படுவர்" போன்ற செயப்பாட்டு வினைகள் பேசுபவரை மறைத்துவிடுகின்றன. "மீறுபவர்கள்", "வாசகர்கள்" போன்ற படர்க்கைச் சொற்கள், எதிரில் நிற்பவரிடம் பேசாமல் அவரைப் பற்றிப் பேசுகின்றன. புதிய வாசகம் முன்னிலையில் பேசுகிறது. இடத்தின் பயனை முதலில் சொல்கிறது. என்ன செய்யலாம், எங்கே செய்யலாம் என்று முடிகிறது.

"கூடாது" என்ற சொல்லை அறவே விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே தடை என்றால் நேராகச் சொல்லிக் காரணத்தையும் சேர்ப்பதே மரியாதை: "தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாம். உணவு வேண்டாம், சிந்தும் துணுக்குகளைத் தேடிப் பூச்சிகள் வருகின்றன, அவை நூல்களையும் அரிக்கின்றன." இளையோர் விதியை வெறுப்பதைக் காட்டிலும் காரணம் சொல்லப்படாத விதியைத்தான் அதிகம் வெறுக்கிறார்கள்.

விளிப்பில் என் நிலைப்பாடு உறுதியானது. "நீங்கள்" என்றே எழுதுங்கள். "நீ" என்றால் வகுப்பறை ஆகிவிடும். இளையோரின் வட்டாரப் பேச்சையும் கேலிச் சொற்களையும் கடன் வாங்கினால் பெரியவர்கள் வேடமிட்டதுபோல் ஒலிக்கும். அத்தகைய சொற்கள் விரைவில் வழக்கொழியும். பலகையோ பல ஆண்டுகள் சுவரில் இருக்கும். குறுகிய வாக்கியங்களில் அமைந்த எளிய எழுத்துத் தமிழே என் தேர்வு.

ஒரு விலக்கு: அவசர வெளியேறும் வழி, தீயணைப்பான், மின் அபாயம் ஆகியவற்றின் குறியீடுகளைத் தொடாதீர்கள். அவற்றின் நிறமும் வடிவமும் எங்கும் ஒரேபோல் இருப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

படி 3: பகுதிக்கும் அடுக்குகளுக்கும் பெயரிடுதல்

"சிறுவர் பகுதி" என்ற பலகையின் கீழ் பதினாறு வயதினர் அமரமாட்டார்கள். "இளையோர் பகுதி" என்று எளிமையாக வைத்து, அதன் கீழே "13 முதல் 18 வயது வரை" என்று சிறிய எழுத்தில் குறிப்பிட்டால் போதும். கவர்ச்சியான புதுப்பெயர் வேண்டுமென்றால் வருபவர்களே அதைத் தேர்ந்தெடுக்கட்டும். நூலகம் என்ற சொல்லையே மாற்றியவர்களும் உண்டு. லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 2002இல் தொடங்கி "ஐடியா ஸ்டோர்" என்ற பெயரில் புதிய நூலகங்கள் திறக்கப்பட்டன. ஆனால் அங்கே கட்டடம், சேவை, பயிற்சி வகுப்புகள் எல்லாமே சேர்ந்து மாறின. உள்ளே எதுவும் மாறாமல் பெயரை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுக்குகளில் பல நூலகங்கள் டியூயி தசம எண்ணை மட்டும் எழுதுகின்றன. பொருளின் பெயரைப் பெரிதாகவும் எண்ணைச் சிறிதாகவும் எழுதுங்கள்: "சித்திரக் கதைகள் 741.5", "விளையாட்டு 796", "கணிதம் 510". எண்ணை முழுவதுமாக நீக்கிவிட வேண்டாம். பட்டியலில் தேடி வருபவர் கையில் இருப்பது அந்த எண்தான்.

படி 4: அளவும் இடமும்

மூன்று மீட்டர் தொலைவில் இருந்து படிக்க வேண்டிய எழுத்து ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரம் இருப்பது நல்லது. ஆறு மீட்டர் என்றால் 50. தமிழில் இதைப் புள்ளி அளவை வைத்துக் கணக்கிட முடியாது, ஏனெனில் ஒரே புள்ளி அளவில் எழுத்துருவுக்கு எழுத்துரு உயரம் வேறுபடுகிறது. அச்சிட்ட தாளில் "ப" எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். வரி இடைவெளியும் தாராளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் "கூ", "நு" போன்றவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் "கி", "தீ" மேல் இடிக்கும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கில் தொடங்கிப் பாருங்கள். மினுமினுப்பான உறையிட்ட தாளில் விளக்கொளி பட்டால் எழுத்தே தெரியாது. மங்கலான மேற்பரப்பே ஏற்றது.

பலகை இருக்க வேண்டிய இடம், நடப்பவர் "இனி எந்தப் பக்கம்?" என்று நிற்கும் இடம். வாயிலிலேயே எல்லாத் தகவலையும் குவித்தால் எதுவும் மனத்தில் பதியாது.

படி 5: ஊழியர்கள் தாமே பயன்படுத்தும் வார்ப்புரு

இப்போதுதான் நிறத்துக்கும் சின்னத்துக்கும் வருகிறோம். ஓர் எழுத்துரு, இரண்டு நிறம், ஓர் ஓரப் பட்டை ஆகியவற்றைத் தாண்ட வேண்டாம். எழுத்துருவில் நான் Noto Sans Tamil அல்லது Mukta Malar எடுப்பேன். இரண்டும் இலவசம், இரண்டிலும் பல தடிமன்கள் உண்டு. நிறங்களில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 விகிதம் இருக்கட்டும். இது இணையப் பக்கங்களுக்கான அணுகுதன்மை விதி என்றாலும் சுவருக்கும் நல்ல அளவுகோலே.

விலை உயர்ந்த வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்பை முன்மேசையில் இருப்பவர் திறக்கவே முடியாது; அவர் மீண்டும் பேனாவை எடுத்துவிடுவார். ஆகவே LibreOffice Draw போதும் என்பது என் கருத்து. View > Master Page சென்று பட்டையையும் சின்னத்தையும் அங்கே வைத்துவிட்டால், சாதாரணப் பக்கத்தில் தட்டச்சு செய்பவரால் அவற்றைத் தவறுதலாக நகர்த்த முடியாது. கீழ் மூலையில் "நீக்க வேண்டிய நாள்" என்று ஒரு கட்டம் வையுங்கள். நாள் குறிப்பிடாத தற்காலிக அறிவிப்புதான் நிரந்தரமாகிவிடுகிறது.

இற்றை: வேறு கணினியில் திறந்தபோது எழுத்துரு மாறிவிட்டதாகப் பலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கணினியில் எழுத்துரு நிறுவப்படவில்லை என்பதே காரணம். File > Properties > Font சென்று Embed fonts in document என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

படி 6: சோதனை

நூலகத்துக்கு இதுவரை வராத ஓர் இளைஞரிடம் மூன்று வேலைகள் கொடுங்கள்: ஒரு சித்திரக் கதையைக் கண்டுபிடிப்பது, உறுப்பினராவது எப்படி என்று அறிவது, கழிவறைக்குச் செல்வது. சற்றுத் தள்ளிப் பின்தொடருங்கள், உதவாதீர்கள். அவர் நிற்கும், திரும்பும், யாரையாவது பார்க்கும் இடங்களைத் தரைப்படத்தில் குறியுங்கள். மூன்று பேரிடம் சோதித்தாலே ஒரே இடத்தில் குறிகள் சேர்வது தெரியும். முன்மேசையில் "எங்கே இருக்கிறது?" என்ற கேள்விகளை மாற்றத்துக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் குறித்துவைத்தால் மற்றொரு சான்று கிடைக்கும்.

குறுஞ்செய்தியையும் மறக்க வேண்டாம். "தாங்கள் நூலைத் திருப்பித் தராததால் அபராதம் விதிக்கப்படும்" என்பதற்குப் பதிலாக, நூலின் பெயர், கடைசி நாள், புதுப்பிக்கும் வழி ஆகிய மூன்றையும் சொன்னால் போதும். இங்கே நடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சியே ஒருவர் வராமல் நின்றிருந்தால் எந்த வாசகமும் அவரை அழைத்து வராது. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தையே நீக்கியது. அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. வடிவமைப்பாளர் அதற்கான காரணங்களை முன்வைக்கலாம்.

மற்றோர் இற்றை: ஒரே கூடமாக உள்ள சிறிய நூலகத்தில் பேசுவதற்குத் தனி இடம் ஏது என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இடத்துக்குப் பதிலாக நேரத்தைப் பிரிக்கலாம். "மாலை 4 முதல் 6 வரை இந்த இரண்டு மேசைகளில் சேர்ந்து படிக்கலாம், மெதுவாகப் பேசலாம். மற்ற நேரங்களில் இவை அமைதி மேசைகள்" என்ற பலகையை வாயிலிலும் மேசையிலும் வையுங்கள். வாயிலில் வைப்பது, அமைதியை எதிர்பார்த்து வரும் முதியோருக்காக.