நீல மூடிக் குழாயில் அரைகுறை ரத்தம்: ஐ.என்.ஆர். பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். சேலத்தில் எங்கள் லேபுக்கு வேலை பழக வருகிறவர்கள் ஒரே தவறுகளைத்தான் வருஷா வருஷம் செய்கிறார்கள். பெயர் மாற்றி ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குழாயைக் கோடு வரை நிரப்பாதது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும். அதற்கு 2.7 மி.லி. ரத்தம் வேண்டும், அதாவது ஒன்றுக்கு ஒன்பது. நரம்பு கிடைக்கவில்லை என்று 1.5 மி.லி.யோடு நிறுத்தினால் விகிதம் ஒன்றுக்கு ஐந்தாகிவிடும். சோதனையின்போது ரத்தம் உறைவதற்காக நாம் சேர்க்கும் கால்சியத்தை மிச்ச சிட்ரேட் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையத் தாமதமாகும், ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும்.

ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா வருவார். இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசெனோகுமரால் சாப்பிடுகிறவர். அவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அன்றைக்கு 5.1 வந்தது. "பல் தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா? புது மாத்திரை ஏதாவது?" என்று கேட்டேன். "இல்லப்பா, எப்பவும் போலத்தான்" என்றார். குழாயைத் தூக்கிப் பார்த்தால் பாதிதான் இருந்தது. மறுபடி முழுசாக எடுத்ததில் 2.6.

5.1 அப்படியே போயிருந்தால் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்பார். அசெனோகுமரால், அதே வகை மருந்தான வார்ஃபரினைவிட சீக்கிரம் உடம்பை விட்டுப் போகிற மருந்து. சில நாள் நிறுத்தினாலே செயற்கை வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம், அது மூளைக்கும் போகலாம்.

பட்டர்ஃப்ளை ஊசியில் எடுத்தால் அந்த ஊசியோடு இருக்கும் மெல்லிய ட்யூபின் காற்று முதல் குழாய்க்குள் போய் அளவு குறையும். அதனால் முதலில் ஒரு குழாயில் கொஞ்சம் எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் நீல மூடிக்குப் போங்கள். குறைந்ததை ஊதா மூடிக் குழாயிலிருந்து ஊற்றி நிரப்பாதீர்கள், அதில் உள்ள ஈ.டி.டி.ஏ.வும் கால்சியத்தைப் பிடிக்கும். இரண்டு அரைக் குழாய்களைச் சேர்த்தாலும் சிட்ரேட்டும் இரட்டிப்பாகும், தப்பான விகிதம் அப்படியே இருக்கும். சாம்பிளைத் திருப்பி அனுப்பினால் நர்ஸ் கோபிப்பார். கோபிக்கட்டும்.

ஹெபாரின் சாம்பிளை வைத்துவிட்டுப் போவது

ஹெபாரின் ரத்தம் உறையாமலிருக்க ஊசி வழியாகத் தரும் மருந்து. அதற்குப் பார்க்கும் ஏ.பி.டி.டி. என்ற உறைதல் நேரச் சோதனைக்கான சாம்பிளை ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். வைத்துவிட்டால் தட்டணுக்களிலிருந்து கசியும் புரதம் ஹெபாரினை முறிக்கும். அளவு குறைந்ததாகத் தெரியும், டோஸை ஏற்றுவார்கள், ரத்தக்கசிவு வரும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கும் ஐ.என்.ஆர். சாம்பிள் தாங்கும், இது தாங்காது.

ஹெபாரின் ஓடும் கையிலேயே ரத்தம் எடுப்பது

மறு கையில் எடுங்கள்.

ரிவராக்சபான், அபிக்சபானுக்கு ஐ.என்.ஆர். பார்ப்பது

இவையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகள்தான், ஆனால் அந்த எண் இவற்றின் அளவைச் சொல்லாது. இயல்பாக வந்தாலும் மருந்து உடம்பில் இருக்கலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரலுக்கும் அதையே பார்ப்பது

வேண்டாம். அவை வேலை செய்வது தட்டணுக்களில்.