மான் படத்துக்குப் பெயர் எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த ஒரு படத்துக்குக் கீழே ‘பெண் கடமான்’ என்று எழுதி வைத்திருந்தேன். மங்கிய மாலை வெளிச்சம். தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரிய விலங்கு, கொம்பு இல்லை, உடம்பெல்லாம் பழுப்பு. கடமான் இல்லாமல் வேறென்ன என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பல மாதம் கழித்துப் பெரிதாக அச்சுப் போடத் திரையில் விரித்துப் பார்த்தபோதுதான் குளம்புக்குச் சற்று மேலே வெள்ளை வளையம் தெரிந்தது. கடமானுக்கு அப்படி வளையம் கிடையாது. அந்தப் படத்துக்கு மீண்டும் வருகிறேன்.

நான் செய்த தவறு பலரும் செய்வதுதான். கண்ணுக்கு முதலில் படும் இரண்டு விஷயங்களை, அதாவது கொம்பையும் நிறத்தையும் மட்டும் வைத்து முடிவு கட்டினேன். ஆனால் ஆணா பெண்ணா, குட்டியா முதிர்ந்ததா, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பவை அவை இரண்டும்தான். மாறாதவை வேறு இடங்களில் இருக்கின்றன: தொண்டை, கண்ணைச் சுற்றிய பகுதி, பின்புறம், கால், முதுகின் கோடு.

முதலில் கொம்பையே எடுத்துக்கொள்வோம். மான் குடும்பம் வேறு, வெளிமான் போன்ற இரலைகள் சேரும் குடும்பம் வேறு. இரலைகளுக்கு ஆடு மாடுகளோடுதான் நெருங்கிய உறவு. மானின் கொம்பு முழுக்க எலும்பு. வளர்கிறபோது அதன்மேல் வெல்வெட் துணி போல மயிரடர்ந்த தோல் மூடியிருக்கும். முற்றியதும் அந்தத் தோல் உரிந்துவிடும். பிறகு கொம்பே விழுந்து அடுத்தது முளைக்கும். இரலையின் கொம்பு விழாது. உள்ளே எலும்பு, மேலே நகத்தைப் போன்ற உறை. அது கிளைவிடாது. ஆகவே கிளை இருந்தால் மான், இல்லாவிட்டால் இரலை என்பது நல்ல விதிதான். (வட அமெரிக்காவின் கவைக்கொம்பு விலங்கு இரண்டிலும் சேராது. அதை இங்கே விட்டுவிடலாம்.)

இந்த விதியை அப்படியே படத்தில் போட்டுப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இளம் ஆண் புள்ளிமானுக்கு, அதாவது கலைக்கு, முதலில் முளைப்பது கிளையே இல்லாத நேர்முள். அதைப் பார்த்து ‘இரலை’ என்று எழுதிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் காய்ந்த குச்சி கொம்போடு ஒட்டித் தெரிந்து, வெளிமானுக்குக் கிளை முளைத்த கதையும் நடக்கும். எனவே கிளையை எண்ணுவதற்கு முன்னால் கொம்பின் மேற்பரப்பைப் பாருங்கள். வெளிமான், சிங்காரா போன்ற இரலைகளின் கொம்பில் அடியிலிருந்து வளையம் வளையமாக மேடு இருக்கும். இளம் மானின் முள்ளில் வளையம் இருக்காது. வெல்வெட் தோலோடு இருந்தால் நுனி மழுங்கலாக, சற்றே தடித்துத் தெரியும். எல்லா இரலைக்கும் வளையம் உண்டு என்றும் நினைத்துவிட வேண்டாம். நீல்காயின் கொம்பு குட்டையான கூம்பு, பெரும்பாலும் வழவழப்பாகவே தெரியும்.

அடுத்தது, கொம்பில்லாத எதையும் ‘பெண் புள்ளிமான்’ அல்லது வெறும் ‘பெண் மான்’ என்று எழுதுவது. மான் இனங்களில் பெண்ணுக்குக் கொம்பு முளைப்பது பனிமானுக்கு மட்டும்தான். அதனால் கொம்பில்லாத மான் பெண்ணாகிய பிணையாகவோ குட்டியாகவோ கொம்பு உதிர்த்த கலையாகவோ இருக்கலாம். இரலைகளில் கதை வேறு. வெளிமான், நீல்காய், ஆப்பிரிக்காவின் இம்பாலா ஆகியவற்றின் பெண்களுக்குப் பொதுவாகக் கொம்பில்லை. சிங்காராவிலும் தாம்சன் சிறுமானிலும் பெண்ணுக்கும் மெல்லிய கொம்பு இருப்பது வழக்கம். அப்புறம் ஓரிக்ஸ் இருக்கிறது. அதில் ஆண், பெண் இரண்டுக்குமே ஈட்டி போல நீண்ட கொம்பு.

வெளிமான் கூட்டத்தின் படங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகத் திருகுக் கொம்போடு நிற்கும் கலையை யாரும் தவறவிடுவதில்லை. சுற்றி நிற்கும் மஞ்சள் பழுப்பு நிறப் பிணைகளைத்தான் ‘கூடவே மேயும் வேறு மான்கள்’ என்று எழுதுவார்கள். அந்தக் கூட்டத்திலேயே கொம்பு முளைத்தும் இன்னும் பழுப்பு நிறத்திலேயே இருக்கும் இளம் கலையும் நிற்கும். வெளிமான் ஆண் பிறக்கும்போதே கறுப்பாக இருப்பதில்லை. சுமார் மூன்று வயதில்தான் கறுக்கத் தொடங்கும். கறுத்த பிறகும் பருவத்துக்குப் பருவம் வெளிறும். எனவே கறுப்பு இல்லை என்பதற்காக வெளிமான் இல்லை என்று சொல்ல முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அடையாளம் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமும், விலாவின் பழுப்பும் வயிற்றின் வெள்ளையும் பிரியும் கூர்மையான எல்லையும்தான். சிங்காராவுக்கு அந்தக் கண் வளையம் முழுதாக இருக்காது. கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இறங்கும் கருங்கோடும் அதை ஒட்டிய வெளிர் கோடும்தான் அதன் முகத்தின் அடையாளம். இரண்டும் ஒரே நிலத்தில் வாழும் இடங்களில் கொம்பில்லாத விலங்கு படத்தில் விழுந்தால் நான் முதலில் பெரிதாக்குவது முகத்தைத்தான்.

புள்ளிக்கு வருவோம். புள்ளி இருந்தால் புள்ளிமான் என்பது பாதி உண்மை. புள்ளிமானுக்கு எல்லா வயதிலும் எல்லாப் பருவத்திலும், ஆண் பெண் இரண்டுக்குமே புள்ளி உண்டு. ஆனால் பூங்காக்களில் எடுத்த படங்களில் சிக்கா மானும் ஃபாலோ மானும் கலந்து வரும். சிக்காவின் புள்ளிகள் கோடையில் தெளிவாக இருந்து குளிர்காலத்தில் மங்கிப்போகும். ஃபாலோ மானில் வெள்ளை, கறுப்பு எனப் பல நிற வகைகளே உண்டு. இந்த மூன்றில் எது என்று புள்ளியைப் பார்த்துத் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, பின்புறத்தைப் பாருங்கள். சிக்காவுக்கு வாலைச் சுற்றிக் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைத் திட்டு. மிரண்டால் அதை விசிறி போல விரிக்கும். ஃபாலோவின் பின்புறத்திலும் வெள்ளையும் கறுப்பும் உண்டு என்றாலும், அதன் வால் நீளமானது. வெள்ளைத் திட்டின் நடுவே கறுப்புக் கோடாகத் தொங்கும். புள்ளிமானுக்கு இந்த மாதிரி எடுப்பான பின்புறத் திட்டு இல்லை. அதற்குப் பதில் தொண்டையில் பளிச்சென்ற வெள்ளை இருக்கும், நடு முதுகில் கருமையான பட்டை ஓடும். முதிர்ந்த கலை என்றால் இன்னும் எளிது. ஃபாலோவின் கொம்பு மேலே உள்ளங்கை போலத் தட்டையாக விரியும். புள்ளிமானுடையது நீண்டு வளைந்த தண்டு. அடியில் ஒரு கிளை, நுனியில் ஒரு கவை, ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று முனை.

சருகுமானைப் புள்ளிமான் குட்டி என்று எழுதுவதும் உண்டு. சருகுமான் உண்மையில் மான் குடும்பமே அல்ல. வளர்ந்தாலும் ஓர் அடி உயரம் எட்டுவதே அரிது. அதன் புள்ளிகள் விலாவில் ஒன்றோடொன்று சேர்ந்து கோடுகளாகிவிடும், கால்கள் பென்சில் கனம்தான் இருக்கும், முதுகு கூன் போட்டிருக்கும். புள்ளிமான் குட்டியின் கால்கள் உடம்புக்கு மிஞ்சிய நீளம். இந்த ஒரு ஒப்பீடே போதும்.

உருவ அளவை நம்புவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டும் தவறு, ஏனென்றால் அதை நானே திரும்பத் திரும்பச் செய்கிறேன். நீளமான லென்ஸில் எடுத்து, விலங்கை மட்டும் வெட்டி வைத்த படத்தில் சிறிய மான் இனமான கேளையாடும் பெரிய கடமானும் ஒரே அளவுதான். அளவுக்குப் பதில் விகிதத்தைப் பார்க்க வேண்டும். கேளையாட்டின் முதுகு வட்டமாக வளைந்திருக்கும், பின்பக்கம் தோளைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஆணின் நெற்றியில் இரண்டு எலும்பு மேடுகள் ‘வி’ போல இறங்க, அவற்றின் மேல் மயிர் மூடிய நீண்ட தண்டும், அதன் நுனியில் குட்டைக் கொம்பும் இருக்கும். நாற்கொம்பு மானும் அதே போலச் சிறியது, பழுப்பு, பெரும்பாலும் தனியாகத் திரிவது. நாலு கொம்பையும் எண்ணித்தான் சொல்வேன் என்று நின்றால் ஏமாந்துபோவீர்கள். முன் ஜோடி மிகச் சிறிது, சில விலங்குகளில் வெறும் மேடுதான். பெண்ணுக்கோ எதுவுமே இல்லை. அதன் முன்னங்கால்களின் முன்பக்கம் இறங்கும் கருமையான கோட்டைத் தேடுவது நல்லது.

இப்போது என் தண்ணீர் ஓரப் படம். கொம்பை ஒதுக்கினேன், ஏனென்றால் இல்லை. நிறத்தையும் ஒதுக்கினேன், ஏனென்றால் அந்தி வெளிச்சத்தில் எல்லாமே பழுப்புதான். முதுகுக் கோட்டை விரலால் திரையில் தடவிப் பார்த்தேன். தோள் உயர்ந்து இடுப்பை நோக்கிச் சரிந்தது. கடமானின் உடம்பு கனமாக, பின்பக்கமும் பருத்து இருக்கும். இப்படிக் குதிரை போல முன்னே தூக்கி நிற்காது. அடுத்து வால். கடமானின் வால் புதர் போலக் கறுத்து அடர்ந்திருக்கும், அவ்வளவு நீளமில்லை. படத்தில் இருந்ததோ பின்னங்காலின் முட்டி வரை வந்து நுனியில் குஞ்சம் விட்டிருந்தது, மாட்டு வால் மாதிரி. கழுத்தில் கடமானுக்குரிய முரட்டு மயிர் இல்லை, தொண்டையில் வெளிர் திட்டு ஒன்று தெரிந்தது. கன்னத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருக்குமா என்று தேடினேன். தலை நிழலில் இருந்ததால் கிடைக்கவில்லை. குளம்புக்கு மேலான வெள்ளை வளையங்கள் மட்டும் நான்கில் மூன்று காலில் தெளிவாக இருந்தன. பெண் நீல்காய். ஆண் என்றால் சாம்பல் கலந்த நீலமாக இருந்திருக்கும், அப்போது நானும் தப்பித்திருப்பேன்.

இத்தனை அடையாளம் எல்லாப் படத்திலும் கிடைக்காது. புல் முழங்காலை மறைத்து, தலை குனிந்து, நேராக நம்மைப் பார்த்து நிற்கும் படத்தில் காலும் இல்லை, வாலும் இல்லை, முதுகுக் கோடும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்று கையில் இருந்தால் அதற்கு அடுத்து எடுத்த படங்களையும் பாருங்கள். விலங்கு திரும்பி ஓடும் ஒரு மங்கலான படம், அழகாக இல்லை என்று நீக்கப் பார்த்த அதே படம், பின்புறத்தையும் வாலையும் காட்டிக்கொடுக்கும். அதுவும் இல்லையென்றால் நான் ‘இரலை, பெண்’ அல்லது ‘மான், இனம் தெரியவில்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.