ஏற்காட்டுக் கிளையின் லாபத்தைச் சேலத்திலிருந்தே கணக்கிடுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடை. அதற்கு ஏற்காட்டில் ஒரு சின்னக் கிளை. போர்வை, துண்டு, சால்வை எல்லாம் சேலத்திலிருந்துதான் மேலே போகும். விற்ற பணத்தைக் கிளை அப்படியே தலைமைக் கடைக்கு அனுப்பிவிடும். வாடகையும் சம்பளமும் சேலத்திலிருந்து போகும். கிளையில் தனிப் பேரேடு கிடையாது. இப்படிப்பட்ட கிளைக்குத் தலைமைக் கடையின் புத்தகத்தில் 'ஏற்காடு கிளைக் கணக்கு' என்று ஒரே ஒரு கணக்கைத் திறந்தால் போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். கடையும் தொகைகளும் உதாரணத்துக்குத்தான்.

முதலில் சரக்கை என்ன விலையில் எழுதி அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடையில் அடக்க விலையோடு 25% சேர்த்து அனுப்புகிறார்கள். 80 ரூபாய்த் துண்டு சலானில் 100 ரூபாய். இதுதான் இன்வாய்ஸ் விலை; கூடுதலாக ஏற்றிய 20 ரூபாய் லோடிங். கிளையும் அதே 100 ரூபாய்க்குத்தான் விற்கிறது. கிளையில் இருப்பவருக்கு அடக்கம் தெரியாமல் இருக்கும் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. இருந்த சரக்கோடு அனுப்பியதைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் அலமாரியில் இருக்க வேண்டிய சரக்கின் மதிப்பு வந்துவிடும். எண்ணிப் பார்க்கும்போது குறைந்தால் உடனே கேள்வி கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அடக்கத்தில் 25% என்பது இன்வாய்ஸ் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20%. தேர்வுத் தாளிலும் கடையிலும் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சரி, தொகைகளுக்கு வருவோம். ஏப்ரல் 1 அன்று கிளையில் இன்வாய்ஸ் விலைப்படி சரக்கு 50,000. லாட்ஜ்காரர்கள் தர வேண்டிய பாக்கி 10,000. மூன்று மாதத்தில் அனுப்பிய சரக்கு 4,00,000. ரொக்க விற்பனை 3,30,000, கடன் விற்பனை 60,000. பாக்கியில் வசூலானது 45,000. வாடகை 15,000, சம்பளம் 36,000. ஜூன் 30 அன்று சரக்கு 60,000, பாக்கி 25,000.

பற்றுப் பக்கத்தில் தொடக்கச் சரக்கு, தொடக்கப் பாக்கி, அனுப்பிய சரக்கு, வாடகை, சம்பளம் ஆகியவற்றை எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் கிளை அனுப்பிய பணம் 3,75,000 (ரொக்க விற்பனையும் வசூலும் சேர்ந்தது), இறுதிச் சரக்கு, இறுதிப் பாக்கி. கடன் விற்பனை 60,000 எங்கே என்று தேடாதீர்கள். அது இந்தக் கணக்கில் தனியாக வராது; வசூலுக்குள்ளும் இறுதிப் பாக்கிக்குள்ளும் கலந்தே இருக்கிறது. வாராக்கடனும் அப்படித்தான்: பாக்கி குறைந்தால் லாபமும் தானாகக் குறையும்.

இனி லோடிங்கைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் நம் சரக்கு நமக்கே லாபம் தர முடியாது. ஒவ்வொரு சரக்குத் தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். தொடக்கச் சரக்குக்கு 10,000, அனுப்பியதற்கு 80,000 — இரண்டும் வரவில். இறுதிச் சரக்குக்கு 12,000 — இது பற்றில்.

```
பற்று: 50,000 + 10,000 + 4,00,000 + 15,000 + 36,000 + 12,000 = 5,23,000
வரவு:  3,75,000 + 60,000 + 25,000 + 10,000 + 80,000 = 5,50,000
லாபம்: 27,000
```

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்த விற்பனை 3,90,000. அதில் ஐந்தில் ஒன்று 78,000. செலவு 51,000 போக 27,000. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். உங்களுக்கு 39,000 வந்தால் இறுதிச் சரக்கின் லோடிங்கை மறந்திருக்கிறீர்கள். 24,000 வந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் 25% போட்டிருக்கிறீர்கள். சரக்கு திருட்டுப் போயிருந்தாலோ தள்ளுபடியில் விற்றிருந்தாலோ இந்தக் குறுக்கு வழி ஒத்துவராது; கிளைக் கணக்கு சொல்வதுதான் சரி.

கடைசியாக, வழியில் இருக்கும் சரக்கு. ஜூன் 30 மாலை சேலத்தில் வண்டி ஏற்றினால், 20 கொண்டை ஊசி வளைவும் கடந்து மறுநாள் காலைதான் கிளையில் இறக்குவார்கள் என்று வையுங்கள். நம் புத்தகத்தில் அது அனுப்பிய சரக்கு. கிளை எண்ணிக்கையிலோ இல்லை. 10,000 ரூபாய்ச் சரக்கு இப்படி விடுபட்டால் லாபம் 8,000 குறைந்து காட்டும். அதனால் கணக்கை முடிப்பதற்கு முன் சலான் எண்களைக் கிளையின் வரவுப் பதிவோடு ஒப்பிட்டு, சேராததை இறுதிச் சரக்கோடு கூட்டுங்கள். அதற்கும் லோடிங் கழிக்க வேண்டும்.

27,000 லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஜூலை 1 அன்று கிளைக் கணக்கு 60,000 சரக்கோடும் 25,000 பாக்கியோடும் திறக்கும். அந்த 12,000 லோடிங் இப்போது வரவுப் பக்கம் மாறி உட்காரும்.