அப்ரைசல் பதிவு என்பது மெமோவுக்குப் பதில் அல்ல: கொங்கு நாட்டிலிருந்து இங்கிலாந்து வரும் செவிலியர்களுக்கு

பொங்கல் விடுப்பில் கோபிசெட்டிபாளையம் வந்திருந்தபோது, பெருந்துறைப் பக்கத்திலிருந்து தங்கை முறையுள்ள ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்தாள். இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதமாகிறது, முதல் அப்ரைசல் நெருங்குகிறது. அதற்காக எழுதிய பதிவைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். “பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை 50 நிமிடம் தாமதமானது. அன்று ஆள் குறைவு. இனி இப்படி நடக்காது” என்று முடிந்திருந்தது.

“அம்மிணி, இது மெமோவுக்கு எழுதும் விளக்கக் கடிதம்” என்றேன். ஈரோட்டிலும் கோவையிலும் வேலை பார்த்த நம் கைகளுக்கு அதுதான் பழக்கம். இங்கிலாந்தில் கேட்பது வேறு. நீங்கள் ஒன்றைக் கற்றீர்கள், அதனால் உங்கள் கை செய்யும் வேலையில் எது மாறியது என்பதே கேள்வி.

அப்ரைசலை ஆண்டுதோறும் உங்கள் மேலாளர் நடத்துவார். அதன் படிவம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். செவிலியராகப் பணியாற்றுவதற்கான பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷன் 3 ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்கு நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 5 சிந்தனைப் பதிவுகள் கேட்கிறது. அந்தப் படிவத்தில் என்ன நடந்தது, என்ன கற்றீர்கள், நடைமுறையை எப்படி மாற்றினீர்கள், கவுன்சிலின் நெறிமுறையோடு இது எப்படிப் பொருந்துகிறது என்ற நான்கு கேள்விகள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு எழுதிவிட்டால் கடைசி மாதத்தில் தவிக்க வேண்டாம். நம்மவர்கள் முதல் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு மூன்றாவதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு நான் எழுதியதையே சொல்கிறேன். எழுந்து நடக்க முடியாத ஒரு முதியவர், நம்மைப் போலக் கருமையான தோல். இரவுப் பணியில் அவர் குதிகாலைப் பார்த்து ‘சிவப்பு இல்லை’ என்று குறித்தேன். எரிகிறது என்று அவர் சொன்னதை எழுதவில்லை. இரண்டு நாளில் அங்கே கொப்புளம் கண்டது.

பிறகு படுக்கைப்புண் பற்றிய அரை நாள் வகுப்புக்குப் போனேன். அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்று படித்திருக்கிறோம். கருந்தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாமல் போகலாம். அந்த இடம் ஊதாவாகவோ, சுற்றிலும் உள்ளதைவிடக் கறுத்தோ தெரியலாம். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, இறுகியோ கொழகொழத்தோ இருக்கலாம். வலியும் ஓர் அடையாளம்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மனம் வலித்தது. ஊரில் ஆண்டுக்கணக்கில் மாநிறத் தோலையே புறங்கையால் தொட்டுப் பார்த்தவள் நான். படிவத்தில் ‘சிவப்பு’ என்று ஒரு கட்டம் வந்ததும் கையை விட்டுவிட்டுக் கட்டத்தை நம்பினேன். கற்றது என்ன என்ற இடத்தில் இதைத்தான் எழுதினேன். வகுப்புக் குறிப்பை அப்படியே இறக்கிவைத்திருந்தால் அது யாருடைய பதிவாகவும் இருந்திருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு ‘இனி கவனமாக இருப்பேன்’ என்பது பதிலாகாது, ஏனென்றால் அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. நான் எழுதியது இது: வால் எலும்பையும் இரு குதிகாலையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறேன், புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுகிறேன். நிறம், சூடு, இறுக்கம், வலி நான்கையும் சொற்களால் எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிடுகிறேன், அடுத்த பணியில் வருபவரிடமும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

ஆறு வாரம் கழித்து, மேலாளரிடம் சொல்லிவிட்டு, நான் எழுதிய பத்துக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டில் சூடும் இறுக்கமும் விடுபட்டிருந்தன. இரண்டும் இரவில் எழுதியவை. நோயாளி விழித்துவிடுவாரே என்று விளக்கைப் போடாமல் பார்த்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் பதிவில் சேர்த்து, இப்போது சிறு டார்ச் வைத்திருப்பதைச் சொன்னேன். அப்ரைசலில் மேலாளர் அதிக நேரம் பேசியது அந்த இரண்டைப் பற்றித்தான். நெறிமுறையின் நான்கு பகுதிகளில் பாதுகாப்பைக் காப்பது பற்றிய பகுதியை மட்டும் காட்டினேன். நான்கையும் இழுத்துப் போட்டால் எதுவும் ஒட்டாது.

நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி எதுவும் பதிவில் வரக்கூடாது, உடன் வேலை செய்பவரின் பெயரும் கூடாது. நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சிறிய ஊரில் ‘ஒரு தமிழ் நோயாளி’ என்று எழுதினாலே அவர் யாரென்று தெரிந்துவிடும். தோலின் நிறம் சிகிச்சைக்குத் தேவை, அதனால் எழுதினேன்; அவருடைய மொழியை எழுதவில்லை.

ஆள் குறைவு உண்மையென்றால் அதை மருத்துவமனையின் சம்பவ அறிக்கையில் பதிவு செய்யுங்கள், அதற்கான இடம் அதுதான். தங்கை அந்த வரியை எடுத்துவிட்டு யோசித்தாள். மருந்துச் சுற்றை எப்போதும் முதல் படுக்கையிலிருந்தே தொடங்கியிருக்கிறாள், அந்தப் பார்க்கின்சன் நோயாளி கடைசிப் படுக்கையில் இருந்திருக்கிறார். பார்க்கின்சன் மாத்திரை நேரம் தவறினால் உடல் இறுகி, விழுங்குவதே கடினமாகிவிடும் என்று இரண்டாவது கேள்விக்கு எழுதினாள். மூன்றாவதில், பணி ஏற்கும்போதே அந்த மாத்திரைகளின் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, சுற்று எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்கு முதலில் அவரிடம் போவதாக எழுதினாள். அம்மா கொண்டுவந்து வைத்த காபி அதற்குள் ஆறிப்போயிருந்தது.