கேங்ஸ்டர் படம் பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

கடலூர் ஓல்டு டவுன்ல எங்க தெரு பையன் ஒருத்தன் பர்த்டே கேக்க பட்டாக்கத்தியால வெட்டி ஸ்டேட்டஸ் போட்டான், பேக்ரவுண்ட்ல ஏதோ மாஸ் பிஜிஎம் வேற. அவங்கம்மா, நல்ல படமா நாலு சொல்லுப்பா, இவன் எதப் பாத்து கெட்டுப்போறான்னே தெரியலன்னாங்க.

நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதாங்க, வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு கேமரா போகுதா இல்லையா. செத்தவனுக்கு பேரு கூட இல்லாம, ஹீரோ ஸ்லோமோஷன்ல நடந்து போயிட்டா அது கத்திக்கு எடுத்த விளம்பரம்.

நாயகன் (1987) எடுத்துக்கோங்க. வேலு நாயக்கர் இன்ஸ்பெக்டர் கேல்கர கொன்னுடுறார், நாமளும் கை தட்டுறோம், ஆனா படம் அங்க நிக்காம கேல்கரோட பொண்டாட்டி, மனவளர்ச்சி இல்லாத பையன்னு அந்த வீட்டுக்குள்ள போகுது. வேலு காசு குடுத்து பாத்துக்குறார், அந்தக் கடன் அடையவே இல்ல, கடைசில அதே பையன் வளந்து வந்து சுடுறான். இவ்ளோ இருந்தும் அந்த வெள்ள வேட்டி கெத்துதான் நிறைய பேருக்கு மனசுல நின்னுச்சு, அதையும் ஒத்துக்கணும்.

அதனால எங்க தெரு பையனுக்கு நான் மொதல்ல சொன்னது சுப்ரமணியபுரம் (2008). அதுல அரசியல்வாதி வீட்டுக்காக கொலை பண்ணி உள்ள போனவங்கள ஜாமீன்ல எடுக்கக்கூட அந்த வீட்டு ஆளு வரமாட்டான். ரத்தம் ஜாஸ்தி, சின்னப் பசங்களுக்கு வேணாம்.